இரவுப் பணியில் இருப்பவருக்குப் பகல் வருமானம்: இட்லி மாவு வியாபாரம், படிப்படியாக

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை பார்ப்பவருக்குப் பகல் முழுவதும் ஓய்வு என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். தூக்கத்தைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது மதியம் 2 மணியிலிருந்து இரவு 8 மணி வரைதான். பைக் டாக்சி, உணவு டெலிவரி இரண்டும் உடனே காசு தரும். ஆனால் தூக்கம் போதாத கண்ணோடு நாள் முழுக்க வண்டி ஓட்டுவதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை. டியூஷன் எடுக்கலாம், ஆனால் பிள்ளைகள் வரும் நேரம் நாம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தோடு முட்டும்.

இட்லி மாவு இந்த நேரக்கணக்கில் சரியாகப் பொருந்துகிறது. அரிசி ஊற வேண்டிய 6, 7 மணி நேரமும் நாம் தூங்கும் நேரமும் ஒன்றே. மாவு விற்கும் நேரம் மாலை 5 முதல் 7 வரை. வாங்கியவர் வீட்டில் அது இரவெல்லாம் புளித்து, காலையில் இட்லியாகும். கீழே உள்ள வரிசை இந்த நேர ஓட்டத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. படிகளை முன்பின் மாற்றினால் தூக்கத்தில் கைவைக்க நேரும், இல்லையென்றால் மாவு கெடும்.

1. கிரைண்டர் வாங்கும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் பணி நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேறு வருமானம் கூடாது என்றோ, அனுமதி பெற வேண்டும் என்றோ சில நிறுவனங்கள் எழுதியிருக்கும். அரசுப் பணியில் இருந்தால் விதிகள் இன்னும் இறுக்கம். அந்தச் சூழலில் வியாபாரத்தை வீட்டில் இன்னொருவர் பெயரில் நடத்தலாமா என்பதையும் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே நல்லது.

அடுத்தது உணவுப் பாதுகாப்புப் பதிவு. வீட்டில் அரைத்து விற்றாலும் இது தேவை. foscos.fssai.gov.in தளத்தில் சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவுக்குப் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரி விவரம் வைத்து விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பலர் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். பிறகு எண் இல்லாமல் அடித்த ஆயிரம் கவர் வீணாகிறது.

மின்சாரத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வீட்டுக்கான மின் இணைப்பில் வியாபாரத்துக்காக மோட்டார் ஓட்டக் கூடாது. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்று கேட்டு, அதற்கேற்ற இணைப்பு வாங்குங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் கிரைண்டர் சத்தத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். மதியம் 3 மணிக்குக் கீழ் வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

2. என்ன கிரைண்டர், எவ்வளவு கொள்ளளவு

வீட்டில் இருக்கும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரில் முதல் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கிலோ பாக்கெட் 6 வரை அது தாங்கும். அதற்கு மேல் போட்டால் ஈடு ஈடாக அரைத்து மூன்று மணி நேரம் ஓடிவிடும், மோட்டாரும் சூடேறும். அந்தச் சூடு மாவில் இறங்குவதுதான் பெரிய தொல்லை.

ஆர்டர் 10 பாக்கெட்டைத் தாண்டி நிலைத்தால் சாய்த்து ஊற்றும் பெரிய கிரைண்டர் வாங்கலாம். ஒரு நாளைக்கு 24 பாக்கெட் அரைக்க 20 லிட்டர் அளவு வசதி. உளுந்து அரைக்கும்போது பொங்கி எழும் என்பதால் பாத்திரத்தில் பாதிதான் நிரப்ப முடியும். கடைக்காரர் சொல்லும் லிட்டர் கணக்கு பாத்திரத்தின் அளவே தவிர, கிடைக்கும் மாவின் அளவு அல்ல.

பழைய கிரைண்டர் வாங்கினால் கல்லைத் தொட்டுப் பாருங்கள். கொத்து மழுங்கி வழவழவென்று இருந்தால் அரைபட நேரம் கூடும். கல் கொத்துகிற ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகு வாங்குங்கள். மூன்று முனை பிளக்கும் எர்த் இணைப்பும் கட்டாயம். ஈரத் தரையில் நின்று இயக்கும் கருவி இது, எர்த் இல்லாத கிரைண்டர் உயிருக்கு உலை.

தராசு முத்திரை இட்டதாக இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறைத் தராசை வைத்து விற்றால் எடைச் சட்டப்படி தவறு. 20 கிராம் கூடுதலாகப் போட்டாலும் 24 பாக்கெட்டில் அரைக் கிலோ மாவு காணாமல் போகும்.

3. ஆர்டர் முதலில், ஊறவைப்பது பிறகு

புதிதாகத் தொடங்குபவர்கள் தினமும் ஒரே அளவு ஊறவைத்து, மாலையில் ஆள் தேடுகிறார்கள். இந்தத் தொழிலில் நட்டம் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

காலை 7 மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் அரிசியை ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். ஆகவே எவ்வளவு ஊறவைப்பது என்பது அந்த நேரத்துக்குள் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வழி எளிது. தெரு, அடுக்குமாடி, அலுவலக நண்பர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் இரவு 7.30 மணிக்கு “நாளை மாலை மாவு வேண்டியவர்கள் காலை 6.30க்குள் சொல்லவும்” என்று ஒரு செய்தி போடுங்கள். காலையில் பேருந்தில் வரும்போதே எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம்.

வீட்டுக்கு எட்டும் தூரத்தில் பத்து வீடு கிடைத்த பிறகு தொடங்குங்கள். முதல் வாரம் அரைக் கிலோ மாவை இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது இட்லி எப்படி வந்தது என்று அவர்களே சொல்வார்கள். மளிகைக் கடையில் வைப்பதைப் பிறகு யோசிக்கலாம். கடைக்காரர் தன் பங்கை எடுத்துக்கொள்வார், மிஞ்சிய பாக்கெட்டையும் நம்மிடமே திருப்பித் தருவார்.

4. அளவு

1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் முழு வெள்ளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். இதில் கிரைண்டரில் ஒட்டியது போக ஏறத்தாழ 3 கிலோ மாவு காணும். 18 பாக்கெட் ஆர்டர் என்றால் 6 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ உளுந்து. 24 பாக்கெட்டுக்கு 8 கிலோ அரிசி, 2 கிலோ உளுந்து.

இந்தக் கணக்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம். உங்கள் அரிசியும் உளுந்தும் எவ்வளவு காணும் என்பதை முதல் நான்கு நாள் எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள். உளுந்து பழையதாக இருந்தால் அதே அளவில் மாவு குறைவாகத்தான் வரும். அதை ஈடுகட்டத் தண்ணீரைக் கூட்டினால் எடை நிற்கும், இட்லி தட்டையாகும், அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து ஆர்டர் வராது.

உளுந்தை மூட்டையாக வாங்கிச் சேர்க்காதீர்கள். 5 கிலோ, 10 கிலோ என வாங்கி, புதுச் சரக்கு வந்ததும் அரைக் கிலோ மட்டும் அரைத்துப் பார்த்த பிறகே வியாபாரத்துக்கு எடுங்கள். ரேஷன் அரிசியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பொது விநியோகப் பொருளை வியாபாரத்துக்கு எடுப்பது குற்றம்.

5. காலை 7.15: தூங்கும் முன் கால் மணி நேர வேலை

இந்தக் கால் மணி நேரத்தில் மூன்று வேலைகள். அரிசியை நான்கு முறை களைந்து, குடிக்கும் தரமுள்ள தண்ணீரில் மூடி ஊறவையுங்கள். வெந்தயத்தைத் தனிக் கிண்ணத்தில் ஊறவையுங்கள். பத்து லிட்டர் குடிநீரைப் பாட்டில்களில் ஊற்றி பிரிட்ஜில் வையுங்கள்.

உளுந்தை இப்போது தொடக் கூடாது. ஒரே வேலையாகப் போகட்டும் என்று அதையும் காலையிலேயே ஊறவைப்பவர்கள் அதிகம். உளுந்துக்கு முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம் போதும். வெயில் காலத்தில் ஏழு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் அதன் வழவழப்பு தண்ணீரில் இறங்கிவிடும், மாவு பொங்காது. மாவைப் பொங்க வைப்பதும் புளிக்கும்போது வரும் காற்றைப் பிடித்துவைப்பதும் அந்த வழவழப்புதான்.

சித்திரை, வைகாசியில் அரிசித் தண்ணீரும் ஏழு மணி நேரத்தில் வாடை அடிக்கத் தொடங்கும். வீட்டில் யாராவது இருந்தால் 11 மணிக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர் பிரிட்ஜ் தண்ணீரில் ஊறவைத்து, எழுந்ததும் இன்னொரு முறை களைந்துகொள்ளலாம்.

பிறகு 8 மணிக்குப் படுத்து 2 மணி வரை தூக்கம். போனை மௌனத்தில் போடுங்கள். குழுவில் “இன்னும் ரெண்டு பாக்கெட் கிடைக்குமா” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 6.30க்குப் பிறகு வரும் ஆர்டர் மறுநாளைக்கு என்று முதல் நாளே எழுதிவிட்டால் பதில் சொல்லும் வேலையே இல்லை.

6. மதியம் 2 மணி: அரைக்கும் வரிசை

எழுந்ததும் உளுந்தைக் களைந்து குளிர்ந்த நீரில் ஊறவைத்துவிட்டு, சாப்பிட்டு முடியுங்கள். 2.45க்குக் கிரைண்டரைக் கொதிநீர் விட்டுக் கழுவி, கல்லை ஆறவிடுங்கள். நேற்றைய மாவு குழவியின் இடுக்கில் ஒட்டியிருந்தால் இன்றைய மாவு இரவு 9 மணிக்குள்ளேயே புளித்துவிடும்.

முதலில் வெந்தயம், அது மசிந்ததும் உளுந்து. அரிசிக்கு முன்பே உளுந்து வர வேண்டும், ஏனென்றால் கல் இன்னும் சூடேறவில்லை. 2 கிலோ உளுந்துக்குக் குளிர்ந்த நீர் ஏறத்தாழ 4 லிட்டர் பிடிக்கும். மொத்தமாக ஊற்றாமல், 35 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கொடுங்கள். முதலிலேயே தண்ணீர் கூடிவிட்டால் உளுந்து கல்லில் சிக்காமல் வழுக்கி ஓடும், பொங்காது. பதம் பார்க்க ஒரு சிட்டிகை மாவைக் கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் அரைபட வேண்டும்.

உளுந்தை வழித்ததும் அரிசியை 4 கிலோ வீதம் இரண்டு ஈடாகப் போடுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் 25 நிமிடம் போல ஆகும். இரண்டுக்கும் சேர்த்து 5, 6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருடும்போது நிறுத்துங்கள். வழவழவென்று அரைத்தால் தோசைக்கு ஆகும், இட்லி கெட்டியாக வரும். இரண்டாவது ஈட்டை வழிக்கும்போது மாவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அடுத்த நாள் ஈடுகளுக்கு இடையே பத்து நிமிடம் மோட்டாரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பொருள்.

மோட்டார் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு இதை இருமுறை சொன்னாலும் தகும். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் கிரைண்டர் அருகே வேண்டாம். ஓரத்தில் ஒட்டியதை மரக் கரண்டியால் தள்ளலாம், அதுவும் நிறுத்திய பிறகு.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் ஆறாத புண் இருந்தால் அன்று அரைக்கக் கூடாது. அரிசி ஊறிவிட்டதே என்று பார்க்காதீர்கள். வடிகட்டி பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வீட்டுக்கு ஆகும்.

7. உப்பு, கலப்பது, கவர் போடுவது

இரண்டு மாவையும் அகன்ற பாத்திரத்தில் கையுறை போட்டு அடிவரை கலக்குங்கள். உப்பு போடுவதா இல்லையா என்பதில் ஒரு முடிவெடுத்து, கவரில் எழுதிவிடுங்கள். “உப்பு சேர்த்தது” என்று இல்லாவிட்டால் வாங்குபவர் தன் பங்குக்கு ஒரு கைப்பிடி போட்டுவிடுவார். சோடா மாவு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். புதிதாக அரைத்த மாவுக்கு அது தேவையே இல்லை.

உணவுக்கு ஏற்ற தடித்த கவரில் 1 கிலோ நிறுத்து, மேலே மூன்று விரல் அளவு இடம் விட்டுச் சூட்டில் ஒட்டுங்கள். இடம் விடாமல் ஒட்டினால் புளிக்கும்போது வரும் வாயு கவரை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். தயாரித்த தேதி, எடை, விலை, சேர்மானம், உங்கள் முகவரி, பதிவு எண் ஆகியவை கவரில் இருக்க வேண்டும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது, ஆகவே அதில் போட்டுக் கொடுக்காதீர்கள். தூக்கோ சம்படமோ கொண்டுவருபவருக்கு 2 ரூபாய் குறைத்தால் கவர்ச் செலவும் குறையும், அவர்கள் தினமும் நம்மிடமே வருவார்கள்.

8. மாலை 5 முதல் 7.30 வரை

வீட்டு வாசலிலேயே வந்து வாங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தால் இரண்டு மணி நேரமும் பெட்ரோலும் போகும். அந்த நேரம் உங்களிடம் இல்லை. 7 மணிக்குக் கிரைண்டரைக் கழுவி, குழவியைத் தூக்கிக் கவிழ்த்துக் காயவையுங்கள். 7.45 முதல் 8.30 வரை ஒரு குட்டித் தூக்கம் போட்டால்தான் இரவு 3 மணிக்குக் கண் இழுக்காது. இதை விட்டுவிட்டு வியாபாரத்தை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டுபவர்களால் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடிவதில்லை.

9. ஒரு நாள் கணக்கு

அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 140 ரூபாய், மாவு பாக்கெட் 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

8 கிலோ அரிசி 360, 2 கிலோ உளுந்து 280, வெந்தயமும் உப்பும் 10, கவர் 48, மின்சாரம் 15, குடிநீர்க் கேன் 35. மொத்தம் 748 ரூபாய். 24 பாக்கெட்டும் விற்றால் கைக்கு 1,080. மிச்சம் 332.

ஒரு பாக்கெட் மிஞ்சினால் 45 ரூபாய் போகிறது, அதாவது 7 பாக்கெட் மிஞ்சிய அன்று நமக்கு நிற்பது 17 ரூபாய். ஐந்து மணி நேர வேலைக்கு! மூன்றாவது படியில் ஆர்டரைப் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான். சராசரியாக நாளுக்கு 2 பாக்கெட் மிஞ்சும் என்று வைத்தால் 242 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 6,050. கிரைண்டர் விலையும் கல் கொத்தும் செலவும் இதில் கழியவில்லை. மணிக் கணக்கில் 48 ரூபாய் சொச்சம்தான். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒருவர் விற்பனையைப் பார்த்துக்கொண்டால் உங்கள் நேரம் பாதியாகும், கணக்கும் மாறும்.

10. புகார் வந்தால் எங்கே பார்ப்பது

இரவே புளித்துப் பொங்கி வழிந்தது என்றால் மாவு சூடாக இருந்திருக்கிறது, அல்லது கிரைண்டர் சரியாகக் கழுவப்படவில்லை. காலையிலும் எழும்பவில்லை என்றால் உளுந்து பழையது, அல்லது அதிகம் ஊறிவிட்டது. மார்கழிக் குளிரில் எல்லா மாவும் மெதுவாகத்தான் எழும். அந்த மாதத்தில் மட்டும் குளிர்ந்த நீரைக் குறைத்து, சாதாரண நீரில் அரையுங்கள். மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் அரிசி ஈட்டில் தண்ணீர் கூடிவிட்டது.

ஒரே நாளில் ஒரே வீட்டுப் புகார் மட்டும் வந்தால் மாவை மாற்றாதீர்கள். பிரிட்ஜில் வைத்து நேராக எடுத்து ஊற்றினார்களா என்று கேளுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

மிஞ்சிய பாக்கெட்டை உடனே பிரிட்ஜில் வைத்து, மறுநாள் “நேற்றைய மாவு, தோசைக்கு” என்று சொல்லி 30 ரூபாய்க்குக் கொடுக்கலாம். புது மாவில் கலக்கக் கூடாது. ஒரு கிலோ பழைய மாவு இருபது கிலோவையும் சீக்கிரம் புளிக்கவைத்துவிடும். இளஞ்சிவப்போ கருப்போ படிந்தால், கெட்ட வாடை அடித்தால், அப்படியே கொட்டிவிடுங்கள்.

11. ஷிப்ட் மாறும் வாரம்

பகல் ஷிப்ட் வரும் வாரத்தில் இந்த நேரக்கணக்கு எதுவும் பொருந்தாது. காலையில் ஊறவைத்துவிட்டுப் போய், மாலை 7 மணிக்கு வந்து அரைத்தால் விற்கும் நேரம் தாண்டிவிடும். அந்த வாரம் விடுமுறை என்று நான்கு நாள் முன்னதாகவே குழுவில் சொல்லிவிடுங்கள். வார விடுமுறை சனிக்கிழமை கிடைப்பவர்கள் அன்றைக்கு மட்டும் கூடுதலாக அரைக்கலாம். ஞாயிறு காலை எல்லா வீட்டிலும் ஆள் இருப்பதால் சனி மாலை ஆர்டர் மற்ற நாள்களைவிடக் கூடும். ஞாயிறு மாலையில் அவ்வளவு போகாது, அன்று கிரைண்டரை நிறுத்தி பெல்ட்டையும் வயரையும் சரிபார்க்கலாம்.